மசக்கை எல்லை மீறும்போது

கருவுற்ற பெண்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு மசக்கை வருகிறது. நாள் தள்ளிப்போன ஓரிரு வாரங்களில் குமட்டல் தொடங்கும். தாளிக்கும் வாசனை ஆகாது, காபியை நினைத்தாலே புரட்டும். மூன்றாம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், நாலாம் மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்த நாளிலும் ஒரு வேளை தயிர்சாதமாவது வயிற்றில் தங்கும், சிறுநீர் வழக்கம்போலப் போகும்.

நூற்றில் ஓரிருவருக்கு அப்படி அடங்குவதில்லை. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், சாப்பாடும் அன்றாட வேலையும் நின்றுபோகிற இந்தக் கடும் வாந்தியை மருத்துவர்கள் ‘ஹைப்பரெமிசிஸ் கிராவிடாரம்’ என்கிறார்கள். எத்தனை முறை வாந்தி எடுத்தார் என்ற கணக்கைவிட, உள்ளே என்ன தங்குகிறது, எடை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பவைதான் இதில் முக்கியம்.

கருவுறும் முன் 52 கிலோ இருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆறாவது வாரத்தில் குமட்டல் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் அவர் 48.5 கிலோவுக்கு வந்துவிட்டார். மசக்கையில் ஒரு கிலோ குறைவது சகஜம். ஆனால் பழைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல், அதாவது இவருக்கு 2.6 கிலோவுக்கு மேல் குறைந்தால் அது எச்சரிக்கை. இவர் மூன்றரை கிலோ இழந்திருக்கிறார். நாக்கு வறண்டிருக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, காலையிலிருந்து ஒரே ஒரு முறை, அதுவும் அடர்மஞ்சளாகச் சிறுநீர் போயிருக்கிறது. இவரிடம் “எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே” என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பது பெரும் தவறு.

நோய் மனதில் இருக்கிறது, கர்ப்பத்தை அவள் விரும்பவில்லை என்றெல்லாம் ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். அந்தப் பழியைச் சுமந்த பெண்களுக்கு 2023-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு நியாயம் செய்தது. கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது தாயின் மூளைத்தண்டில் இருக்கும் குமட்டல் மையத்தைத் தூண்டுகிறது. கருவுறும் முன்பே இந்த ஹார்மோன் இரத்தத்தில் குறைவாக இருந்த பெண்களுக்கு அது பழக்கமில்லை, ஆகவே திடீரென்று கூடும்போது உடல் தாங்குவதில்லை. பீட்டா தலசீமியா உள்ள பெண்களின் இரத்தத்தில் இது எப்போதுமே அதிகம். அவர்களுக்குக் கர்ப்பகால வாந்தி மிகக் குறைவாகவே வருகிறது என்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.

மருத்துவமனையில் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். இரட்டைக் கருவிலும் முத்துக்கருவிலும் வாந்தி கடுமையாகும் என்பதே காரணம். சிறுநீர்த் தொற்று, தைராய்டு போன்ற வேறு காரணங்கள் உண்டா என்றும் பார்ப்பார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் சலைனுடன் பொட்டாசியத்தையும் சேர்த்து ஏற்றுவார்கள். சிறுநீரில் கீட்டோன் எவ்வளவு என்பதை வைத்து நோயின் கடுமையை அளக்கும் பழைய வழக்கத்தை இன்றைய வழிகாட்டுதல்கள் கைவிட்டுவிட்டன. டாக்ஸிலமினும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரை கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அது தங்காதவர்களுக்கு வேறு மருந்துகளை ஊசியாகப் போடுவார்கள்.

வாரக்கணக்கில் சாப்பிடாத உடலில் தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோகிறது. உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் வரும். சர்க்கரையை எரிக்க தயமின் வேண்டும். சோர்ந்து கிடப்பவரைப் பார்த்ததும் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று கேட்பது நம் ஊர் வழக்கம். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். ‘வெர்னிக்கி’ எனப்படும் இந்தப் பாதிப்பில் கண்கள் தாமாக ஆடும், பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். கவனிக்கத் தவறினால் நினைவுக் குறைபாடு நிலைத்துவிடக் கூடும், உயிருக்கும் ஆபத்து. இத்தனையையும் தடுக்க, குளுக்கோஸுக்கு முன் ஏற்றும் தயமின் ஊசி போதும்.

நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, எடை சரசரவென்று இறங்குகிறது என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டும்போது, “தயமின் போட்டாச்சாங்க?” என்று உடனிருப்பவர் தயங்காமல் கேளுங்கள்.