படித் தண்டில் தங்கும் திரிபு ஆற்றல்

எஃகுத் தண்டு ஒன்றை நீளவாக்கில் இழுத்தால் அது சற்று நீளும். இழுத்த விசை செய்த வேலை, மீட்சி எல்லைக்குள் இருக்கும்வரை, திரிபு ஆற்றலாகத் தண்டுக்குள் தங்கும். வேலை என்பது விசையைத் தூரத்தால் பெருக்கியது என்பது பள்ளிப் பாடம். தண்டுக்கு மட்டும் அதில் பாதியைத்தான் எடுக்கிறார்கள்.

தண்டை மெல்ல இழுக்கும்போது முதல் கணத்தில் விசை சுழியம். நீட்சி கூடக்கூட விசையும் அதே விகிதத்தில் ஏறி, கடைசிக் கணத்தில்தான் முழு அளவைத் தொடுகிறது. வரைபடத்தில் இது சாய்ந்த நேர்கோடு; அதன் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பே வேலை. அதாவது, நீட்சி முழுவதிலும் செயல்பட்ட சராசரி விசை இறுதி விசையில் பாதி.

1 மீட்டர் நீளமுள்ள படித் தண்டு ஒன்றைக் கொள்வோம். ஒரு பாதியின் குறுக்குப் பரப்பு 400 சதுர மி.மீ., மறுபாதியுடையது 200. எஃகின் யங் குணகம் சதுர மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன். 40,000 நியூட்டன் விசையில் தடித்த பகுதி 0.25 மி.மீ. நீளும், மெலிந்த பகுதி 0.5 மி.மீ. நீளும். இரண்டிலும் விசை ஒன்றே என்பதால் ஆற்றல் முறையே 5 ஜூல், 10 ஜூல், மொத்தம் 15. எஃகு பாதியே உள்ள பகுதியில் ஆற்றல் இரு மடங்கு! அங்கே தகைவு இரட்டிப்பதால், ஒவ்வொரு கன மில்லிமீட்டரும் நான்கு மடங்கு ஆற்றலைத் தாங்குகிறது.

அதே 40,000 நியூட்டன் எடையைத் தண்டின் நுனியில் மாட்டிச் சட்டென்று கைவிட்டால் கதை வேறு. எடை தொடக்கம் முதலே முழு அளவில் இழுக்கிறது. 0.75 மி.மீ. இறங்குவதற்குள் அது செய்யும் வேலை 30 ஜூல். தண்டு ஏற்பது 15 மட்டுமே. மீதி, எடையின் வேகமாகி அதை மேலும் கீழே கொண்டுபோகும். மீட்சி எல்லை தாண்டாவிட்டால் நீட்சி 1.5 மி.மீ. வரை போகும். மெலிந்த பகுதியின் தகைவு 200இலிருந்து 400 ஆகும். சாதாரண மென்னெஃகு சுமார் 250இலேயே நிரந்தரமாக நீண்டுவிடும். அதன்பின் கோடு வளைந்துவிடுவதால் பாதிக் கணக்கும் செல்லாது.

தகைவு 200ஐத் தாண்டக்கூடாது என்றால் இந்தப் படித் தண்டு 15 ஜூல்தான் ஏற்கும். தடித்த பகுதியையும் கடைந்து 200 சதுர மி.மீ. ஆக்கினால், முழுத் தண்டும் 1 மி.மீ. நீண்டு 20 ஜூல் ஏற்கும். எஃகைக் குறைத்ததும் அதிர்வைத் தாங்கும் திறன் கூடிவிடுகிறது. மோதல் சுமை வாங்கும் போல்ட்டுகளின் தண்டுப் பகுதியை, மரையின் அடிவிட்டம் அளவுக்குக் கடைந்து மெலிதாக்குவது இதற்காகத்தான்.