பேட்டரி அறிக்கையின் இரண்டு எண்கள்

"சித்தி, போன வாரம் வரைக்கும் நல்லா இருந்த பேட்டரி ஒரே வாரத்துல செத்துப்போச்சு" என்றுதான் அக்கா மகள் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. புதிதில் நான்கு மணி நேரம் தாங்கியது, இப்போது ஒன்றரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறதாம். புது பேட்டரி எங்கே வாங்கலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். வாங்குவதற்கு முன்னால் அறிக்கையைப் பார்த்துவிடலாம் என்றேன்.

விண்டோஸில் இதற்குத் தனியாக எந்த மென்பொருளும் தேவையில்லை. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இந்த ஒரு வரியைத் தட்டினால் போதும்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்ற கோப்பு உருவாகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதும் திரையிலேயே வரும். அதை பிரவுசரில் திறந்தால் Installed batteries என்ற பகுதி மேலேயே இருக்கும். அவளுடையதில் DESIGN CAPACITY 41,040 mWh, FULL CHARGE CAPACITY 29,550 mWh என்று இருந்தது.

முதல் எண் பேட்டரி தயாரானபோது அதன் சிப்பில் எழுதிவைத்தது. அது மாறவே மாறாது. பேட்டரியின் மேல் 11.4 வோல்ட், 3,600 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தார்கள். இரண்டையும் பெருக்கினால் அதே 41,040 மில்லிவாட்-மணி வருகிறது. இரண்டாவது எண், இன்றைக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு கொள்ளும் என்பது. 29,550ஐ 41,040ஆல் வகுத்தால் 72 சதவீதம். அதாவது கொள்ளளவில் 28 சதவீதம் போய்விட்டது.

அந்த 28 எங்கே போனது? லித்தியம்-அயனி பேட்டரியில் லித்தியம் கிராஃபைட் முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறது. முதல் முறை சார்ஜ் ஏறும்போதே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிவிடும். அது தேவையான படலம்தான், முனையைக் காப்பதே அதுதான். ஆனால் வருடக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகிறது. தடிப்பதற்கு லித்தியத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்து ஒட்டிய இட்லி மாவைப் போல, அந்த லித்தியம் உள்ளேதான் இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது. சூடும், எந்நேரமும் நூறு சதவீதச் சார்ஜில் கிடப்பதும் இதை வேகப்படுத்தும்.

இவளுடைய அறிக்கையில் CYCLE COUNT 118தான். முழுக்கொள்ளளவுக்குச் சமமான மின்சாரம் செலவானால் ஒரு சுழற்சி என்று கணக்கு. மூன்றரை வருடத்துக்கு 118 மிகக் குறைவு. அப்படியென்றால் பயன்படுத்தித் தேய்ந்ததைவிட, சார்ஜரிலேயே செருகிவைத்து நாள்பட்டுத் தேய்ந்ததுதான் அதிகம். "ஆமா, எப்பவும் பிளக்குலதான் இருக்கும்" என்றாள். சில லேப்டாப்புகளில் இந்த எண் வெறும் கோடாகவோ பூஜ்யமாகவோ இருக்கும். பேட்டரி அந்தக் கணக்கைத் தெரிவிக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள், புதுப் பேட்டரி என்று அல்ல.

ஆனால் ஒரே வாரத்தில் எப்படிக் குறைந்தது? அதற்குப் பதில் கீழே Battery capacity history என்ற பட்டியலில் இருந்தது. மாதக்கணக்காக 33,400 என்றே ஓடிய முழுச்சார்ஜ் எண், கடைசி வாரத்தில் திடீரென்று 29,550க்கு இறங்கியிருந்தது. 81 சதவீதத்திலிருந்து 72. பார்த்தால் பேட்டரி மாடிப்படியிலிருந்து விழுந்ததுபோலத் தெரியும். உண்மையில் அப்படி விழவில்லை.

முழுச்சார்ஜ் எண்ணை யாரும் அளவுகோல் வைத்து அளப்பதில்லை. பேட்டரிக்குள் இருக்கும் சிறு சிப் ஒன்று, உள்ளே போகிற மின்னோட்டத்தையும் வெளியே வருகிறதையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறது. பேட்டரி கிட்டத்தட்டக் காலியாகி, பிறகு நிறையும்போதுதான் அதற்கு இரண்டு முனையும் கிடைத்து, உண்மையான கொள்ளளவு தெரியவரும். நடுவில் வோல்ட்டேஜ் பெரிதாக மாறாமலே ஓடுவதால், அதை வைத்துச் சரிபார்ப்பதும் கடினம். எப்போதும் பிளக்கில் இருக்கும் லேப்டாப்பில் சிப் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். அவள் போன வாரம் ஊருக்குப் போன ரயிலில் படம் பார்த்து பேட்டரியை முழுக்கத் தீர்த்திருக்கிறாள். மாதக்கணக்காக நடந்த தேய்மானத்தைச் சிப் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தது.

அதனால் அறிக்கையை ஒருநாள் எண்ணை மட்டும் வைத்துப் படிக்கக்கூடாது. நெடுநாள் பிளக்கிலேயே இருந்த லேப்டாப் என்றால், முதலில் நூறுவரை ஏற்றி, ஓரிரு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு பிளக்கை எடுத்து ஐந்து சதவீதம் வரை ஒரே மூச்சில் ஓட்டி, மறுபடி நூறுவரை ஏற்றிவிட்டு அறிக்கை எடுங்கள். இதை அடிக்கடி செய்யவேண்டாம், அதுவும் ஒரு சுழற்சிதான். புதுப் பேட்டரியில் முழுச்சார்ஜ் எண் வடிவமைப்பு எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கலாம், அதில் பிழை எதுவும் இல்லை.

எனக்கு உறுத்தியது வேறொன்று. கொள்ளளவு 72 சதவீதம் இருக்கிறதென்றால், நான்கு மணி நேரத்தில் 72 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மணி ஐம்பது நிமிடமாவது தாங்கவேண்டும். ஒன்றரைதான் தாங்குகிறது. மீதி எங்கே?

Battery usage பகுதியில் DURATION, ENERGY DRAINED என்று இரண்டு பத்திகள் உண்டு. பேட்டரியில் ஓடிய ஒரு வரியைப் பார்த்தோம்: 42 நிமிடத்தில் 13,800 mWh செலவு. 42 நிமிடம் என்பது 0.7 மணி. வகுத்தால் ஏறக்குறைய 19.7 வாட். புதிதாக இருந்தபோது 41 வாட்-மணியை நான்கு மணி நேரம் ஓட்டியது என்றால் செலவு 10 வாட்டுக்குச் சற்று மேல்தான். ஆக, பேட்டரி சுருங்கியது ஒரு பக்கம் இருக்க, லேப்டாப் இரு மடங்கு மின்சாரம் குடிக்கிறது. இந்தச் செலவில் புத்தம்புது பேட்டரி போட்டாலும் இரண்டு மணி ஐந்து நிமிடம்தான் வரும். அவள் கொடுக்கவிருந்த பணத்துக்குக் கிடைத்திருப்பது அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது, எப்போதோ நிறுவிய வீடியோ எடிட்டிங் மென்பொருளின் ஒரு துணை நிரல் பின்னணியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரை வெளிச்சமும் முழுக்க ஏற்றியிருந்தது. நிரலை நீக்கி, வெளிச்சத்தைப் பாதியாக்கியதும் செலவு 12 வாட்டுக்கு இறங்கியது. அன்று மாலையே இரண்டரை மணி நேரம் ஓடியது.

அறிக்கையின் அந்த இரண்டு கொள்ளளவு எண்களும் சொல்லாத ஒன்று உண்டு. பேட்டரி பழசாகும்போது உள்மின்தடையும் ஏறும். அப்போது திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் வோல்ட்டேஜ் சரிந்து, 30 சதவீதம் காட்டும்போதே லேப்டாப் அணைந்துவிடும். முழுச்சார்ஜ் எண் பரவாயில்லாமல் இருந்து இப்படி அணைகிறதென்றால், மேலே சொன்னபடி ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் அணைந்தால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். டச்பேட் மேலே தூக்கினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது அறிக்கை எதுவும் பார்க்கவேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரியை அழுத்துவதோ குத்துவதோ கூடாது.

இவளுடையதில் அந்த அறிகுறி எதுவும் இல்லை. சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி லேப்டாப்பின் அமைப்பில் மாற்றிவிட்டோம். அறிக்கைக் கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்துச் சேமித்திருக்கிறாள். மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுத்து, 29,550 எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் புதுப் பேட்டரிப் பேச்சு.