குரூப்பை ம்யூட் செய்யுங்கள், தகவலைத் தவறவிடாதீர்கள்

ஜூனில் பள்ளி திறந்ததும் பெற்றோர் போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப் முளைத்துவிடும். "நாளைக்கு கலர் டிரஸ்" என்று டீச்சர் ஒரு வரி போடுவார். அதற்குக் கீழே வரிசையாக "ஓகே மிஸ்", "தேங்க்யூ மிஸ்", கூப்பிய கைகள். எந்த கலர் என்று ஒருவர் கேட்பார், மூவர் மூன்று பதில் சொல்வார்கள். டீச்சர் போட்ட அந்த ஒரு வரி எங்கோ மேலே போய்விடும்.

இதற்காக குரூப்பை விட்டு வெளியேற வேண்டியதில்லை. குரூப் அமைப்பில் Mute notifications என்பதைத் தொட்டால் 8 மணி நேரம், ஒரு வாரம், Always என்று மூன்று வழி காட்டும். மதியம் இரண்டு மணிக்கு 8 மணி நேரம் என்று வைத்தால், பிள்ளையைத் தூங்க வைக்கும் பத்து மணிக்கு மறுபடி சத்தம் தொடங்கிவிடும். அதனால் Always என்றே வையுங்கள். நீங்கள் ம்யூட் செய்தது யாருக்கும் தெரியாது.

ம்யூட் செய்தாலும் ஒரு வாசல் திறந்தே இருக்கும். யாராவது @ போட்டு உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ, உங்கள் பதிவுக்கு ரிப்ளை செய்தாலோ அறிவிப்பு வரும். ஆகவே பழக்கமான இன்னொரு பெற்றோரிடம், "அவசரம்னா என்னை டேக் பண்ணிடுங்க" என்று சொல்லி வையுங்கள்.

இரவு பார்க்கும்போது 180 செய்திகள் சேர்ந்திருக்கலாம். முதலிலிருந்து படிக்க வேண்டாம். மேலே பின் செய்த செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். வலது கீழ் மூலையில் @ குறி தெரிந்தால் அதைத் தொடுங்கள், உங்களைக் குறிப்பிட்ட இடத்துக்கே போய்விடலாம். பிறகு குரூப் பெயரைத் தொட்டு, படங்களும் ஆவணங்களும் தொகுத்து வைத்திருக்கும் பகுதிக்குப் போங்கள். சர்க்குலர், டைம்டேபிள் எல்லாம் அங்கே கிடைக்கும். இந்த மூன்றும் ஐந்து நிமிட வேலை.

பலர் தேடல் பெட்டியை மட்டும் நம்புகிறார்கள். அது போதாது. டைப் செய்த எழுத்தை மட்டுமே அது பிடிக்கும். "நாளைக்கு" என்று தேடினால், அதையே ஆங்கில எழுத்தில் எழுதியவரின் செய்தி வராது. போட்டோவாக எடுத்துப் போட்ட சர்க்குலரில் உள்ள தேதியும், வாய்ஸ் மெசேஜில் சொன்ன தகவலும் தேடலில் அகப்படாமல் போகும். அதனால்தான் படங்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

டீச்சர்களுக்கும் குரூப் அட்மின்களுக்கும் ஒரு வேண்டுகோள். முக்கியமான செய்தியைப் போட்டதும் பின் செய்துவிடுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று வைக்கலாம். தேர்வுச் சமயத்திலாவது அட்மின் மட்டும் எழுதும்படி குரூப்பை மாற்றி வையுங்கள்.