கதவன்று, புகுவாய்

பெங்களூரின் பீன்யாத் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் ‘கேட்’ என்றால் அச்சுத் தொழில் அறிந்த எவருக்கும் விளங்கும். பிளாஸ்டிக் வார்ப்பச்சின் வடிவமைப்புக் குறிப்பைத் தமிழாக்குவோர்க்கே அச்சொல் இடர் தருகிறது.

‘கதவு’ என்று எழுதினால், திறந்து மூடும் உறுப்பு ஒன்று உண்டெனப் படிப்பவர் கருதுவார். அடைப்பூசி வைத்த சிறப்பு வகை நீங்கலாக, அச்சில் அத்தகைய உறுப்பு இல்லை. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குழிக்குள் நுழையும் குறுகிய வழியே அது. ‘புகுவாய்’ என்பது பொருந்தும். அதனை மூடுவது அங்கே உறையும் பிளாஸ்டிக்கே. உறையுமுன் அழுத்தத்தை நீக்கினால் குழம்பு பின்வாங்கும். பொருளின் மேற்பரப்பில் பள்ளம் விழும்.

அழுத்தம் எத்தனை நொடி நிற்கவேண்டும் என்பதைத் தராசு காட்டிவிடும். நேரத்தை ஒவ்வொரு நொடியாகக் கூட்டிப் பொருளை மட்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 4 நொடியில் 20.1 கிராம், 5 நொடியில் 20.3, 6 நொடியிலும் 7 நொடியிலும் 20.4 எனில், 6 நொடியளவில் புகுவாய் உறைந்துவிட்டது எனக் கொள்ளலாம். ‘கதவு’ என்று படித்தவர்க்கு இச்சோதனையின் காரணமே விளங்காது.

‘ரன்னர்’ என்பதைக் ‘கால்வாய்’ என்றாலும் குழப்பமே. அச்சைக் குளிர்விக்கும் நீருக்கும் கால்வாய் உண்டு. பிளாஸ்டிக் செல்வதை ‘ஓடுகால்’ என்றும், நீர் செல்வதைக் ‘குளிர்நீர்த் தடம்’ என்றும் பிரிப்பதே நன்று. ‘எஜெக்டர்’ எப்போதும் ஊசியன்று. குழலாகவோ தட்டாகவோ இருக்கலாம். ஆதலின் பொதுப்பெயர் ‘வெளித்தள்ளி’. ஊசி வடிவினது மட்டுமே ‘தள்ளூசி’.