ஓயாமல் கேட்டதால் எழ முடியாத கணிப்பொறி

ஒருவரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுகிறோம். கணிப்பொறிகளுக்கும் இதே வழக்கத்தைக் கற்பித்திருக்கிறார்கள். ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம் ஏதேனும் ஒரு விவரம் கேட்கும். குறித்த நேரத்திற்குள் பதில் வரவில்லையெனில் திரும்பக் கேட்கும். வழியில் தவறிப்போகும் ஒன்றிரண்டு கேள்விகளை ஈடுசெய்ய இது நல்ல ஏற்பாடே. ஆனால் ஏராளமான கணிப்பொறிகள் ஒரே சமயத்தில் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும்? 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது.

நடந்தது என்ன?

அமேசான் நிறுவனம் தன் கணிப்பொறிகளைப் பிற நிறுவனங்களுக்கு வாடகைக்கு அளிக்கிறது. அதன் சேவைகளுள் ஒன்று டைனமோடிபி என்னும் தகவல் சேமிப்பு அமைப்பு. இதில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் அட்டவணையும் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பல சேமிப்புக் கணிப்பொறிகளில் வைக்கப்படுகிறது. எந்தத் துண்டுகள் எந்தக் கணிப்பொறியின் பொறுப்பில் உள்ளன என்ற பட்டியலைத் தனியொரு பிரிவு வைத்திருக்கிறது. அதை நாம் பட்டியல் நிலையம் என்று அழைப்போம்.

சேமிப்புக் கணிப்பொறிகள் அவ்வப்போது பட்டியல் நிலையத்தை அணுகித் தம் பொறுப்புகளை உறுதி செய்துகொள்ள வேண்டும். குறித்த நேரத்திற்குள் பட்டியல் கிடைக்காவிட்டால், அந்தக் கணிப்பொறி வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டு, பட்டியலை மீண்டும் கேட்கும். பழைய பட்டியலை நம்பித் தவறான தகவலைத் தந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

அன்று பசிபிக் நேரப்படி அதிகாலை 2.19 மணிக்கு, வர்ஜீனியாவிலுள்ள மையத்தில் கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்பில் சிறிது நேரத் தடங்கல் ஏற்பட்டது. சேமிப்புக் கணிப்பொறிகளுள் ஒரு பகுதி துண்டிக்கப்பட்டது. தடங்கல் நீங்கியதும் அவை அனைத்தும் ஒரே சமயத்தில் பட்டியல் கேட்டன. பட்டியல் நிலையத்தால் உரிய நேரத்தில் பதில் தர இயலவில்லை. கேட்டவை மறுபடியும் கேட்டன. இந்த நெரிசலில், தடங்கலால் பாதிக்கப்படாத கணிப்பொறிகளும் தம் பட்டியலைப் புதுப்பிக்க முடியாமல் வேலையை நிறுத்தின. அவையும் கேட்போர் கூட்டத்தில் சேர்ந்தன. முடிவில், வாடிக்கையாளர் கோரிக்கைகளில் சுமார் 55 சதவீதம் தோல்வியடைந்தன. நிலைமை பெருமளவு சீரடைந்தபோது காலை 7.10 மணி. சிறிது நேரத் தடங்கலின் விளைவு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நீடித்தது.

தடங்கல் நீங்கிய பின்னும் ஏன் மீளவில்லை?

ஒரு கற்பனைக் கணக்கால் இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு நிலையம் விநாடிக்கு 100 கேள்விகளுக்குப் பதில் தரவல்லது என்போம். வழக்கமாக வருபவை விநாடிக்கு 80. இந்நிலையம் ஒரு நிமிடம் நின்றுபோய்ப் பின் இயங்குகிறது. அதற்குள் 4,800 பேர் காத்திருப்பார்கள். அனைவரும் பொறுமையாக நின்றால், நிலையத்திடம் விநாடிக்கு 20 கேள்விகளுக்கான உபரித் திறன் இருப்பதால், நான்கு நிமிடங்களில் வரிசை கரைந்துவிடும்.

ஆனால் ஒவ்வொருவரும் 10 விநாடி மட்டுமே காத்திருந்து, பழைய கேள்வியைக் கைவிட்டுப் புதிதாகக் கேட்பவர் என்று கொள்வோம். கைவிடப்பட்ட கேள்வி வரிசையிலிருந்து மறைவதில்லை. கேட்டவர் அதைக் கைவிட்டது நிலையத்திற்குத் தெரியாது. முதல் 10 விநாடிகளில் வந்த 800 பேர் ஒரு நிமிடத்திற்குள் ஆளுக்கு ஆறு முறை கேட்டிருப்பார்கள். அடுத்து வந்தவர்கள் ஐந்து முறை. இப்படியே கூட்டினால் வரிசையில் 4,800 அல்ல, 16,800 கேள்விகள் நிற்கும்.

நிலையம் எழுந்ததும் முறைப்படி முதல் கேள்வியை எடுக்கிறது. அது ஒரு நிமிடத்திற்கு முன் கேட்கப்பட்டது. கேட்டவர் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார். பதில் வீணாகிறது. அடுத்ததும் அப்படியே. இதற்கிடையே காத்திருக்கும் 4,800 பேரும் 10 விநாடிக்கு ஒரு முறை கேட்பதால் விநாடிக்கு 480 கேள்விகளும், வழக்கமான 80 கேள்விகளும் வந்து சேர்கின்றன. நிலையத்தின் திறனோ 100 தான். வரிசை வளர்ந்துகொண்டே போகிறது. நிலையம் ஒரு விநாடிகூட ஓய்ந்திருக்கவில்லை. ஆயினும் யாருக்கும் பயனுள்ள பதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இந்நோயை அறிய மூன்று அடையாளங்கள் உண்டு. முதலில் ஏற்பட்ட பழுது நீங்கியிருக்கும். வரும் கேள்விகளின் எண்ணிக்கை பழுதுக்கு முன் இருந்ததைவிட மிகுதியாக இருக்கும். கணிப்பொறி முழுமூச்சாக உழைக்கும். பயன் மட்டும் ஏறக்குறைய இராது. இயற்பியலில் உறைநிலைக்குக் கீழ் குளிர்ந்தும் உறையாதிருக்கும் நீரை அறிவோம். சிறு அதிர்ச்சியில் அது பனிக்கட்டியாகிவிடும். அதிர்ச்சி நின்றதால் மீண்டும் நீராகிவிடாது. இங்கும் அதுவே நிலை.

முன்பே இருந்த பலவீனம்

இத்தகைய தடங்கல்களை டைனமோடிபி முன்பு எளிதில் சமாளித்திருந்தது. இம்முறை மட்டும் ஏன் சாய்ந்தது? வாடிக்கையாளர்கள் தம் அட்டவணையை வேறு வகையிலும் தேடிப் பார்க்க உதவும் துணைக் குறியீடுகள் என்னும் புதிய வசதி பெருகியிருந்தது. அதனால் துண்டுகளின் எண்ணிக்கை கூடியது. சில கணிப்பொறிகளின் பொறுப்புப் பட்டியல் இரண்டு, மூன்று மடங்கு நீண்டது. பட்டியலைத் தயாரித்து அனுப்ப ஆகும் நேரம், அதற்கு அனுமதித்த நேர வரம்பை நெருங்கியிருந்தது. பட்டியலின் அளவைக் கவனித்து எச்சரிக்கும் கண்காணிப்பு போதிய அளவு இல்லாததால், இந்த நெருக்கம் கண்ணில் படவில்லை.

மீட்ட வழியும் மாற்றங்களும்

பொறியாளர்கள் பட்டியல் நிலையத்திற்குக் கூடுதல் கணிப்பொறிகளைச் சேர்க்க முயன்றனர். அதற்கான கட்டளையும் அதே நெரிசலைக் கடந்துதான் செல்ல வேண்டும். எனவே பல முயற்சிகள் தோற்றன. இறுதியில் 5.06 மணிக்கு, பட்டியல் நிலையத்திற்கு வரும் கேள்விகளையே நிறுத்தி வைத்தனர். சுமை இறங்கியதும் கட்டளைகள் ஏற்கப்பட்டன, திறன் கூட்டப்பட்டது, அதன் பின்னரே கேள்விகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன.

பிறகு அமேசான் நான்கு மாற்றங்களை அறிவித்தது. பட்டியல் நிலையத்தின் திறனைப் பெரிதும் உயர்த்தினர். பட்டியலின் அளவு போன்றவற்றைக் கண்காணிக்க ஏற்பாடு செய்தனர். கேள்விகள் வரும் வேகத்தைக் குறைத்து, பதிலுக்கு அனுமதிக்கும் நேரத்தை நீட்டினர். நீண்டகாலத் திட்டமாக, ஒரே பட்டியல் நிலையத்திற்குப் பதில் பலவற்றை அமைத்து, ஒவ்வொன்றும் சேமிப்புக் கணிப்பொறிகளில் ஒரு பகுதியை மட்டும் கவனிக்கச் செய்வது என முடிவு செய்தனர். முதல் மாற்றம் அபாய எல்லையைத் தள்ளி வைக்கும். இரண்டாவது அவ்வெல்லை நெருங்குவதைக் காட்டும். மூன்றாவது சுழற்சியின் வேகத்தைத் தணிக்கும். நான்காவது பாதிப்பை ஒரு பகுதிக்குள் அடக்கும்.

கேட்கும் கணிப்பொறிகளுக்கென்றே பொறியியலில் மற்றொரு முறையும் வழக்கில் உள்ளது. முதல் தோல்விக்குப் பின் 1 விநாடி, அடுத்து 2, பிறகு 4, 8 என இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். அது மட்டும் போதாது. எல்லாம் ஒரே நொடியில் தோற்றவையாதலால், இரட்டித்த பின்னும் எல்லாம் ஒரே நொடியில் வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொன்றும் அந்த இடைவெளிக்குள் குருட்டாம்போக்கில் ஒரு நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அப்போது அலையாய் மோதும் கேள்விகள் தூறலாய்ப் பரவிவிடும். இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. புதிதாகக் கேட்போர் மட்டுமே நிலையத்தின் திறனை மிஞ்சினால், பழையவர் எவ்வளவு பொறுத்தாலும் வரிசை குறையாது. அந்நிலையில் தாங்கக்கூடிய அளவு கேள்விகளை மட்டும் ஏற்று, மற்றவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடு நிலையத்திடமே இருத்தல் வேண்டும்.