கேஷ் எதை வெளியேற்றுகிறது?

நெடுநேரம் தொடப்படாததை முதலில் வெளியேற்றும் கேஷில், ஹேஷ் மேப் தரவைச் சட்டென்று கண்டுபிடிக்கும். இரட்டை இணைப்புப் பட்டியல் பயன்பாட்டு வரிசையைக் காக்கும். சோதிக்க இரண்டே இடமுள்ள கேஷ் போதும்.

சாவி 1, பிறகு 2 எழுதுங்கள். 1-ஐப் படியுங்கள். இப்போது 3-ஐ எழுதினால், வெளியேற வேண்டியது 2. மாறாக 1 போய்விட்டால், படித்த கணுவைப் பட்டியலின் தலைக்கு நகர்த்த நிரல் தவறியிருக்கிறது. படிக்காமல் எழுதிக்கொண்டே போகும் சோதனையில் இந்தப் பிழை தெரியவே தெரியாது.

அடுத்து 2-ஐக் கேளுங்கள். பழைய மதிப்பு வந்தால், பட்டியலில் வெட்டிய கணு மேப்பில் மிச்சமிருக்கிறது. மேப் வரம்பில்லாமல் வளரும். கணுவுக்குள் மதிப்போடு சாவியையும் வைப்பது இதற்காகத்தான். வால்முனைக் கணுவை நீக்கும்போது, மேப்பில் எதை அழிப்பதென்று அந்தச் சாவிதான் சொல்லும்.