ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டது, பணம் வந்ததா?

மாலை 3 மணிக்கு லைவ். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் ஒரு வீட்டு முன்னறையில் ரிங் லைட் எரிகிறது. ஸ்டாண்டில் கைபேசி, பக்கத்தில் அடுக்கி வைத்த புடவைக் கட்டு. "கோடு 17, சாஃப்ட் சில்க், காண்ட்ராஸ்ட் பிளவுஸ், எண்ணூத்தி அம்பது ரூபாய், கூரியர் அறுபது. ஒரே பீஸ்தான், வேணுங்கறவங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க." முந்தானையை விரித்துக் காட்டி முடிப்பதற்குள் மூன்று பேர் அனுப்பியிருப்பார்கள்.

யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தினமும் நடக்கும் வியாபாரம் இது. புடவைக்குப் பதில் சுடிதார் மெட்டீரியல் என்றாலும் நடைமுறை இதேதான். கடை வாடகை கிடையாது, கண்ணாடி ஷோகேஸ் கிடையாது. ஆனால் கல்லாவும் கிடையாது. வாங்குபவரும் விற்பவரும் முகம் பார்க்காத இடத்தில் கல்லாவின் வேலையைச் செய்பவை மூன்று சான்றுகள்: புடவையைப் பிடித்து வைக்கும் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், பார்சலைப் பிரிக்கும் வீடியோ. ஒவ்வொன்றும் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்காது என்று தெரியாமல்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

கோடு 17-ஐயே எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், புடவை ஒன்று. வாட்ஸ்அப்பில் புதிதாக வந்த செய்திதான் பட்டியலின் மேலே நிற்கும். முதலில் கேட்டவர் கீழே போய்விடுவார். அவசரத்தில் மேலே இருப்பவருக்கு "ஓகே சிஸ்" என்று பதில் போட்டால் முறை தவறிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் லைவ் நடத்துவதற்கு ஓர் ஆளும், ஆர்டர் எடுக்க இன்னோர் ஆளும் வைத்துக்கொள்கிறார்கள். ஆர்டர் எடுப்பவர் செய்தி வந்த நேரத்தைப் பார்த்து, ஒரு நோட்டில் கோடு எண்ணுக்கு நேராகப் பெயரை எழுதுகிறார். முதல் ஆளுக்கு அரை மணி நேரம் கெடு. அதற்குள் பணம் வராவிட்டால் புடவை இரண்டாம் ஆளுக்கு. இந்தக் கெடுவை லைவிலேயே சொல்லிவிட்டால் பிறகு பேச்சு வராது. புடவையின் ஸ்கிரீன்ஷாட் விருப்பத்தைத்தான் சொல்கிறது. அது விற்பனை ஆகாது.

அடுத்தது பணம். முதல் ஆள் 910 ரூபாய் கட்டியதாகப் பச்சை டிக் போட்ட படம் அனுப்புகிறார். இங்கேதான் விற்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெயரும் தொகையும் தட்டினால் அச்சு அசலாக அப்படியே ஒரு படம் உருவாக்கித் தரும் போலிச் செயலிகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போகாதவர்கள், போன வாரம் கட்டிய அதே தொகையின் படத்தை மறுபடி அனுப்புவார்கள். லைவ் முடிந்து ஐம்பது ஆர்டர் குவிந்திருக்கும் நேரத்தில் தேதியை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது கணக்கு.

இதற்கு வழி ஒன்றுதான். படத்தைப் பார்த்து பார்சல் கட்டக் கூடாது. தன் வங்கிக் கணக்கைப் பார்த்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. யுடிஆர் என்பார்கள். செயலிகள் தங்களுக்கென்று வேறு நீண்ட எண்ணையும் காட்டும், அது உதவாது. கட்டியவரின் படத்தில் இருக்கும் 12 இலக்க எண்ணும், விற்பவரின் கணக்கில் வரவான எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் பணம் வந்ததாகப் பொருள். நோட்டில் கோடு எண்ணுக்கு நேராக அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதி வைத்தால் பழைய படம் திரும்ப வரும்போது சந்தேகம் தட்டும். முழு எண்ணையும் ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கணவர் கணக்கிலிருந்தோ மகன் கணக்கிலிருந்தோ கட்டினால் பெயர் ஒத்துப்போகாது. எண் ஒத்துப்போகும்.

எல்லாப் பொருத்தமின்மையும் மோசடி அல்ல. சில நேரம் வாங்குபவர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், விற்பவருக்கு வந்திருக்காது. ஆள் மாற்றி ஆளுக்கு அனுப்பும் யுபிஐ பணம் இப்படிச் சிக்கினால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதி. வியாபாரிக் கணக்குக்குக் கட்டியது என்றால் ஐந்து நாள் வரை ஆகலாம். அதுவரை இன்னொரு முறை கட்டச் சொல்வதும் தவறு, "கட்டிட்டேன், அனுப்புங்க" என்று அதட்டுவதும் தவறு.

வாங்குபவருக்கும் ஒரு பொறி உண்டு. லைவின் கமெண்டில், கடையின் பெயரையும் படத்தையும் வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் வேறு வாட்ஸ்அப் எண்ணைப் போட்டுவிடுவார். அந்த எண்ணுக்குக் கட்டிய பணம் கடைக்குப் போகாது. லைவில் பேசுபவர் வாயால் சொல்லும் எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். கட்டும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள்.

மூன்றாவது சான்று, பார்சல் பிரிக்கும் வீடியோ. ஒட்டிய பார்சலின் முகவரிச் சீட்டில் தொடங்கி, வெட்டி, புடவையை முழுக்க விரித்து, முந்தானையும் பிளவுஸ் துணியும் தெரியும்வரை இடையில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை, ஓட்டை ஆகியவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது நல்லது. விற்பவரும் தன் பங்குக்கு, மடிக்கும் முன் விரித்து ஒரு சிறு வீடியோ எடுத்துவிட்டால் பழுது எங்கே வந்தது என்பது தெரிந்துபோகும். புடவையில் கோடு எண் சீட்டைத் தைத்து அனுப்புபவர்களும் உண்டு. திரும்பி வருவது அதே புடவைதானா, வீட்டில் கிடந்த பழசா என்று அது காட்டிக்கொடுக்கும். ஃபால்ஸ் தைத்ததையும் தண்ணீரில் நனைத்ததையும் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

அதிகம் வரும் புகார் என்னவோ பழுது அல்ல, நிறம். "வீடியோவில் மயில் பச்சை, கையில் நீலம்." இதில் பொய் இல்லாமலும் இருக்கலாம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்த புடவை கோணத்துக்குக் கோணம் மாறித் தெரியும். போதாததற்குக் கைபேசி கேமரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், மெரூன் சிவப்பாகிவிடும். விலை கூடிய புடவை என்றால், ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

"நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரிட்டர்ன்" என்று திரையில் எழுதிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று சில விற்பனையாளர்கள் நினைக்கிறார்கள். மனசு மாறிவிட்டது என்று திருப்புவதை மறுக்கலாம். பழுதான பொருளை மறுக்க முடியாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றாலும் திரும்ப எடுத்தாக வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். ஒரே பீஸ் என்பதால் அதே புடவை கிடைக்காது. அப்போது வேறு புடவையா, பணமா என்பதைப் பேசி, திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் முடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. விற்பவர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வாங்குபவர்கள் பார்சல் வந்ததும் கத்தரிக்கோலை எடுக்கும் முன் கேமராவை ஆன் செய்யுங்கள். விற்பவர்கள் பார்சலை ஒட்டும் முன் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள்.